மயிலாடுதுறை பட்டமங்கலத் தெரு கிளையை மூடுகிறோம்: ஜூன் 28 கடைசி நாள்

பட்டமங்கலத் தெருவில் 2004 முதல் நடந்து வரும் எங்கள் பாத்திரக்கடைக் கிளையை இந்த மாதத்தோடு மூடுகிறோம். கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் இருக்கும் தாய்க்கடை எப்போதும் போல நடக்கும். இரண்டையும் மூடுவதாக ஊரில் பேச்சு இருக்கிறது, அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறோம்.

கட்டடம் பழசாகிவிட்டதால் உரிமையாளர் இடித்துக் கட்டப் போகிறார். ஆறு மாதம் முன்பே எங்களிடம் சொல்லிவிட்டார், அவர்மேல் எந்தக் குறையும் இல்லை. வேறு இடம் தேடினோம். கேட்ட அட்வான்சும் வாடகையும் எங்கள் வியாபாரத்துக்குத் தாங்காது, கடன் வாங்கி நடத்தினால் அதைப் பாத்திர விலையில்தான் ஏற்ற வேண்டியிருக்கும், அது வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

தள்ளுபடி விற்பனை ஜூன் 5 வெள்ளிக்கிழமை தொடங்கி ஜூன் 28 ஞாயிறு இரவு 9 மணியோடு முடிகிறது. தேதியை நீட்டிக்க மாட்டோம், 30ஆம் தேதி சாவியைக் கொடுத்தாக வேண்டும். தினமும் காலை 9.30க்குத் திறப்போம், ஞாயிறும் உண்டு.

எவர்சில்வர் பாத்திரங்களுக்கு 25 சதவீதம், அலுமினியம், நான்ஸ்டிக்குக்கு 30 சதவீதம் குறைப்பு. குக்கர், மிக்சி, கிரைண்டருக்கு 12 சதவீதம்தான் முடியும், அதில் எங்களுக்கு நிற்பதே அவ்வளவுதான். பித்தளை, செம்பு, வெண்கலம் எடைக்கு விற்பவை. உலோக விலையில் பாதி குறைக்கிறோம் என்று யார் சொன்னாலும் எடையிலோ தரத்திலோ எங்கோ இடிக்கும், ஆகவே அன்றைய விலையில் கிலோவுக்கு 60 ரூபாய் மட்டும் குறைக்கிறோம், தராசு உங்கள் கண் முன்னால் இருக்கும். நாச்சியார்கோயில் குத்துவிளக்குகளுக்கும் இதே கணக்குதான்.

மே மாத ஸ்டிக்கரைக் கிழிக்காமல் அதன்மேல்தான் தள்ளுபடி போட்டிருக்கிறோம். விலையை ஏற்றிவிட்டுக் குறைக்கவில்லை. இந்த விற்பனைக்கென்று வெளியிலிருந்து ஒரு டம்ளர்கூட இறக்கவில்லை, கடையிலும் மாடி குடோனிலும் இருப்பதுதான் சரக்கு. நசுங்கியது, கீறல் விழுந்தது, மூடி இல்லாதது எல்லாம் வாசல் பக்க மேசையில் தனியாக இருக்கும், என்ன குறை என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கும், பார்த்து எடுங்கள். கடைசி இரண்டு நாளில் இன்னும் குறைப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். குறைக்க மாட்டோம், மிஞ்சியது வண்டியேறி கும்பகோணம் போகும்.

பழைய பாத்திரம் போட்டுப் புதிது எடுப்பது ஜூன் 21 வரைக்கும்தான். பேர் வெட்டித் தருவதும் அன்றோடு நிற்கிறது. ஆவணிக் கல்யாணத்துக்குச் சீர் பாத்திரம் எடுப்பவர்கள் மொத்தமாகப் பேர் வெட்ட வேண்டுமென்றால் 14ஆம் தேதிக்குள் வந்துவிடுங்கள், வெட்டுகிறவர் ஒருவர்தான், அவசரத்தில் எழுத்து கோணலாகப் போனால் அந்தத் தூக்குவாளியில் ஆயுசுக்கும் இருக்கும்.

ஈயம் பூசக் கொடுத்தவர்கள் ஜூன் 24க்குள் வாங்கிக்கொள்ளுங்கள். பதினேழு பேருடைய உருளியும் அடுக்கும் இன்னும் இங்கே இருக்கின்றன, போனிலும் கூப்பிட்டுச் சொல்கிறோம். ஊரில் இல்லாதவர்களுடையதைப் பேர் எழுதிக் கட்டி கும்பகோணத்தில் வைத்திருப்போம், எதையும் விற்றுவிட மாட்டோம்.

பொங்கல் பாத்திரச் சீட்டு கட்டும் 148 பேரும் பயப்பட வேண்டாம். கட்டிய பணத்துக்கு இப்போதே இந்தத் தள்ளுபடி விலையில் பாத்திரம் எடுக்கலாம். இல்லையென்றால் சீட்டைக் கும்பகோணத்துக்கு மாற்றிக்கொண்டு தையில் எடுக்கலாம், போனஸ் மாதம் அப்படியே உண்டு. இரண்டும் வேண்டாம் என்றால் கட்டிய பணம் முழுவதும் திரும்பத் தருகிறோம், பிடித்தம் கிடையாது. எது என்றாலும் ஜூன் 25க்குள் சீட்டு அட்டையோடு வந்து சொல்லுங்கள். அட்டை தொலைந்திருந்தாலும் வாருங்கள், எங்கள் நோட்டில் கணக்கு இருக்கிறது.

தள்ளுபடியில் எடுத்ததை ஓட்டை, உடைப்பு இருந்தால் மட்டும் மூன்று நாளுக்குள் மாற்றித் தருவோம், 28க்குப் பிறகு என்றால் கும்பகோணத்தில். குக்கர், மிக்சி வாரன்டி கம்பெனியுடையது, கிளை மூடுவதால் போகாது, பில்லைப் பத்திரமாக வையுங்கள். ஜூலை முதல் கேஸ்கெட், விசில், கைப்பிடி எதுவானாலும் கும்பகோணம் கடையில் கிடைக்கும்.

இங்கே வேலை செய்யும் நான்கு பேரில் இரண்டு பேர் கும்பகோணம் வருகிறார்கள், பஸ் செலவு எங்களுடையது. தினமும் அவ்வளவு தூரம் வர முடியாத இரண்டு பேருக்கும் சேர வேண்டியதைக் கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டோம். பாத்திர வியாபாரம் தெரிந்த, கைசுத்தமான ஆட்கள். யாருக்காவது ஆள் தேவைப்பட்டால் கடையில் வந்து கேளுங்கள், நாங்கள் பொறுப்பேற்றுச் சொல்கிறோம்.

ஒவ்வொரு ஐப்பசியிலும் துலாக்கட்டத்துக்கு முழுக வருகிறவர்கள் காவேரித் தண்ணீர் எடுத்துப்போக எங்களிடம்தான் செம்புச் சொம்பு வாங்குவார்கள். இந்தக் கடைமுகத்துக்கு நாங்கள் அங்கே இருக்க மாட்டோம், அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. 22 வருடம் எங்களை நம்பி வந்தீர்கள், மனமார்ந்த நன்றி.

29ஆம் தேதி விற்பனை கிடையாது. அன்று மதியம் 1 மணி வரை, கொடுத்து வைத்த பாத்திரத்தை வாங்க வருபவர்களுக்கு மட்டும் பாதி ஷட்டர் திறந்திருக்கும்.