பிரசவ நேர விருப்பக் குறிப்பு

பெங்களூரு

மதிப்பிற்குரிய மருத்துவருக்கும் பிரசவ அறைச் செவிலியர்களுக்கும்,

இது எனக்கு முதல் பிரசவம். வலி தொடங்கியதும் வெந்நீர்ப் பையும் இடுப்பைத் தேய்த்துவிடுவதும் எவ்வளவு தூரம் கைகொடுக்கின்றன என்று பார்க்க விரும்புகிறேன். எபிடியூரல் வேண்டவே வேண்டாம் என்பதில்லை, ஆனால் நானே கேட்கும்வரை அதை நினைவூட்ட வேண்டாம், கேட்டுவிட்டால் தாமதிக்கவும் வேண்டாம்.

குழந்தையின் இதயத்துடிப்பு சீராக இருக்கும்வரை, மல்லாந்து படுக்காமல் நடக்கவும், பெரிய பந்தின் மேல் அமரவும், கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்து நிற்கவும் அனுமதியுங்கள். தொடர் கண்காணிப்பு தேவைப்பட்டால் இடப்பக்கமாகப் படுத்துக்கொள்கிறேன்.

ஒருவர் மட்டுமே உடன் இருக்கலாம் என்றால் என் அம்மா இருக்கட்டும். அவருக்குக் கன்னடம் தெரியாது, வலியில் எனக்கும் தமிழைத் தவிர வேறெதுவும் வாயில் வராது என்பதால், முக்கியமானவற்றை வெளியே காத்திருக்கும் என் கணவரிடமும் சொல்லிவிடுங்கள். அவசர நிலையில் உங்கள் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன்; காரணத்தை மட்டும் எனக்கு ஒரு வரியில் சொல்லுங்கள்.