வகுப்பு நேரத்தில் பள்ளி வளாகத்தில் படம்பிடிக்க அனுமதி வேண்டிக் கடிதம்

மதுரை
27.10.2025

அனுப்புநர்:
இரா. செந்தில்வேல்,
ஆவணப்பட இயக்குநர்,
மதுரை.

பெறுநர்:
தலைமையாசிரியர் அவர்கள்,
அரசு உயர்நிலைப் பள்ளி,
கருங்குளம்பட்டி, மேலூர் வட்டம்,
மதுரை மாவட்டம்.

பொருள்: எட்டாம் வகுப்பு மாணவர்களை நவம்பர் 12, 13 தேதிகளில் வகுப்பு நேரத்தில் படம்பிடிக்க அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

மதுரையைச் சுற்றியுள்ள, தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் பொறித்த கல்வெட்டுகளைப் பற்றி 25 நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுத்து வருகிறேன். மாங்குளம் மலையில் படப்பிடிப்பு நடந்தபோது, உங்கள் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்கள் சமூக அறிவியல் ஆசிரியருடன் அங்கே வந்திருந்தார்கள். ஒரு மாணவி பாறையைத் தொடாமல், விரலை ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டு, ‘நெடுஞ்சழியன்’ என்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். பக்கத்தில் நின்ற பையன், “அது ழகரம்தான், நல்லாப் பாரு” என்று எடுத்துக்கொடுத்தான்.

அந்தக் கல்வெட்டுகளை ராபர்ட் சீவெல் 1882இல் கண்டறிந்தார். அவை தமிழில் எழுதப்பட்டவை என்பதை கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டினார். நெடுஞ்சழியன் என்ற பாண்டிய மன்னன் பெயரை ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னது 1960களில். அறிஞர்கள் இத்தனை காலம் பாடுபட்டுப் படித்த வரியை இன்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பக்கத்து மலையில் நின்று வாசிக்கிறார்கள். இது பலரும் பார்க்க வேண்டிய விஷயம் என்று உறுதியாக நம்புகிறேன்.

விடுமுறை நாளில் எடுக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். நானும் அதை யோசித்துப் பார்த்தேன். சனிக்கிழமை பத்துப் பிள்ளைகளை வரவழைத்து உட்காரவைத்தால் அவர்கள் கேமராவுக்காகப் பேசுவார்களே தவிர, பாடம் நடக்காது. ஆசிரியர் கரும்பலகையில் கூட்டல் குறி போன்ற தமிழி எழுத்து ஒன்றைப் போட்டு “இது என்ன?” என்று கேட்பதும், பாதி வகுப்பு “பிளஸ்!” என்று கத்துவதும், மீதிப் பாதி “ககரம்!” என்று திருத்துவதும் வகுப்பு இயல்பாக நடக்கும்போது மட்டுமே கிடைக்கும். அதனால்தான் வகுப்பு நேரத்தையே கேட்கிறேன்.

எங்களுக்குத் தேவைப்படுவது இவ்வளவுதான்: 12ஆம் தேதி புதன்கிழமை மூன்றாம் பாடவேளையில் சமூக அறிவியல் வகுப்பு, 13ஆம் தேதி வியாழக்கிழமை கடைசிப் பாடவேளையில் மன்றக் கூட்டம். மழை வந்து அந்த நாட்கள் தவறினால் 19, 20 தேதிகளில் வருகிறோம். அரையாண்டுத் தேர்வு நெருங்குவதால் அதற்கு மேல் தள்ளிப்போட மாட்டோம். ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், நான் என மூவர் மட்டுமே வருவோம். பெரிய விளக்குகளோ ட்ரோனோ கிடையாது. கேமரா வகுப்பின் பின்சுவர் ஓரமாகவே நிற்கும். பாடத்தை நிறுத்தச் சொல்லவோ, இன்னொரு தடவை நடத்தச் சொல்லவோ மாட்டோம்.

பிள்ளைகள் விஷயத்தில் எந்தக் குறையும் வரக்கூடாது என்பதில் நாங்களும் கவனமாக இருக்கிறோம். பெற்றோர் கையெழுத்திட்டுத் தந்த பிள்ளைகளை மட்டுமே படம்பிடிப்போம். வேண்டாம் என்பவர்கள் கேமராவின் பார்வை படாத வரிசையில் உட்கார்ந்து வழக்கம்போலப் பாடம் கவனிக்கலாம். பெற்றோர் சரி என்று சொல்லியும் அன்றைக்குப் பிள்ளைக்கு மனமில்லை என்றால் அதோடு விட்டுவிடுவோம். படத்தில் மாணவர் பெயரோ வீட்டு விவரமோ வராது. மாணவர்களுடன் நாங்கள் பேசும்போது ஆசிரியர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். மதிய உணவு நேரத்தில் படம்பிடிக்க மாட்டோம். சாப்பிடும் பிள்ளைகள் முன் கேமராவை நீட்டுவது எனக்கு ஒப்பாத காரியம்.

படத்தொகுப்பு முடிந்ததும் வெளியிடுவதற்கு முன்பே உங்களுக்கும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் பள்ளியிலேயே திரையிட்டுக் காட்டுவோம். பள்ளி தொடர்பான பகுதியில் எதையாவது நீக்கச் சொன்னால் நீக்கிவிடுவோம். விளம்பரத்துக்கோ கட்சி நிகழ்ச்சிக்கோ இந்தக் காட்சிகளைத் தர மாட்டோம் என்று எழுத்துபூர்வ உறுதிமொழியும் இணைத்துள்ளேன்.

முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி கேட்டு இன்று தனியாக விண்ணப்பித்திருக்கிறேன். அந்த ஆணை கைக்கு வராமல் பள்ளிக்குள் கேமராவைக் கொண்டுவர மாட்டோம். பள்ளி மேலாண்மைக் குழுவிடம் நான் நேரில் விளக்க வேண்டும் என்றாலும் வருகிறேன். அடுத்த வாரத்தில் உங்களுக்கு வசதியான ஒரு மாலை, பள்ளி விட்ட பிறகு சந்திக்க நேரம் ஒதுக்கினால், பெற்றோர் படிவத்தை எப்போது கொடுத்து வாங்கலாம் என்பதையும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

தங்கள் அனுமதியை அன்புடன் வேண்டுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரா. செந்தில்வேல்

இணைப்பு: பெற்றோர் ஒப்புதல் படிவ மாதிரி, உறுதிமொழிக் கடிதம், மாணவர்களிடம் கேட்கவுள்ள கேள்விகள், குழுவினர் மூவரின் அடையாள அட்டை நகல்கள், முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பிய விண்ணப்ப நகல்.