தாராவி ரத்த தான முகாம்: தன்னார்வலர்களுக்கான அறிமுக ஸ்லைடுகள்

ஸ்லைடு 1: நாள், இடம், ஆட்கள்

2026 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை
காலை 9 முதல் மதியம் 2 வரை
தாராவி, நைன்ட்டி ஃபீட் ரோட்டை ஒட்டிய சமூகக் கூடம், தரைத்தளம்
8 படுக்கைகள், 26 தன்னார்வலர்கள்
ரத்த வங்கியிலிருந்து மருத்துவர், நர்ஸ்கள், டெக்னீஷியன்கள்

*பேசும்போது:* எல்லோருக்கும் வணக்கம். ஊசி, பை, பரிசோதனை எல்லாம் ரத்த வங்கிக் குழுவின் பொறுப்பு. நம் பொறுப்பு, வருகிறவர். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது தொடங்கி, திரும்ப வீடு போய்ச் சேரும் வரை. எத்தனை பை சேர்ந்தது என்று நாம் பலகையில் எழுதப் போவதில்லை. எண்ணிக்கையைக் கண்ணெதிரே வைத்தால் கை தானாக அவசரப்படும். இன்று நான் சொல்லப்போகும் ஒவ்வொன்றும் அந்த அவசரத்தைத் தவிர்ப்பதற்குத்தான்.

ஸ்லைடு 2: இந்த ரத்தம் எங்கே போகிறது

- ஒருவரிடம் எடுப்பது 350 மி.லி. அல்லது 450 மி.லி.
- அதைச் சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மா என்று பிரிப்பார்கள்
- பிளேட்லெட்டுக்கு ஆயுள் 5 நாள்தான்
- சிவப்பணு ஃபிரிட்ஜில் 35 முதல் 42 நாள் தாங்கும்

*பேசும்போது:* மழைக்காலம் முடிகிற நேரம் இது. டெங்கு, மலேரியா எப்படி அலையும் என்று நம் பகுதிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிளேட்லெட்டைச் சேர்த்து வைக்க முடியாது என்பதால்தான் முகாம்கள் விட்டு விட்டு, ஆண்டு முழுக்க நடக்க வேண்டியிருக்கிறது.

காசு கொடுத்து ரத்தம் வாங்கும் பழக்கம் இந்தியாவில் 1998 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் விளைவு அது. ஆகவே யாருக்கும் பணம், கூப்பன், குலுக்கல் பரிசு என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். சான்றிதழும் டோனர் கார்டும் உண்டு. வாழைப்பழமும் பிஸ்கட்டும் உண்டு.

ஸ்லைடு 3: அன்றைய நேரம்

| நேரம் | வேலை |
|---|---|
| 7:00 | பந்தல், நாற்காலி, தண்ணீர்ப் பிரிவினர் வருகை |
| 7:45 | மற்ற எல்லோரும் வந்து சேர வேண்டும் |
| 8:00 | ரத்த வங்கி வண்டி வரும், பெட்டிகளை இறக்க 4 பேர் |
| 8:40 | கடைசிச் சரிபார்ப்பு, எல்லோரும் டிபன் முடித்திருக்க வேண்டும் |
| 9:00 | பதிவு தொடக்கம் |
| 11:30 | பணி மாற்றம் |
| 1:15 | பதிவு மூடப்படும் |
| 2:00 | கடைசிப் படுக்கை |
| 4:30 | நாற்காலிகளைத் திருப்பி ஒப்படைத்தல் |

*பேசும்போது:* ஞாயிற்றுக்கிழமை ரயில்வே மெகா பிளாக் இருக்கும். முலுண்ட், செம்பூர் பக்கமிருந்து வருபவர்கள் சனிக்கிழமை இரவே அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். தேவைப்பட்டால் பஸ்ஸில் கிளம்புங்கள். 1:15-க்குப் பதிவை மூடுவது கறாரான விதி. கடைசி நிமிடத்தில் ஓடி வருபவரை ஏற்றுக்கொள்ளத்தான் மனம் சொல்லும். ஆனால் பரிசோதனை, படுக்கை, ஓய்வு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். நாம் குறுக்கினால் ஓய்வு நேரத்தில்தான் குறையும்.

ஸ்லைடு 4: யார் எங்கே

- வாசல், வரவேற்பு: 4 பேர்
- பதிவு மேசை: 5 பேர்
- காத்திருக்கும் வரிசை: 3 பேர்
- படுக்கை அருகே துணை: 4 பேர்
- ஓய்வு, சிற்றுண்டி: 6 பேர்
- ஓட்டம் (தண்ணீர், ஜெராக்ஸ், ஆட்டோ): 2 பேர்
- வண்டி நிறுத்தம், ஆம்புலன்ஸ் வழி: 2 பேர்

*பேசும்போது:* ஓய்வு இடத்துக்கு ஏன் 6 பேர், பதிவுக்கு ஏன் 5 பேர் என்று சிலர் கேட்டீர்கள். ஏழாவது ஸ்லைடில் பதில் இருக்கிறது.

வாசலில் நிற்பவர்கள் மூன்று மொழியிலும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். "சாப்பிட்டீங்களா?", "நாஷ்தா கியா?", "நாஷ்தா கேலா கா?" புரட்டாசி மாதம் என்பதை மறக்காதீர்கள். முந்தின நாள் சனிக்கிழமை விரதம் இருந்துவிட்டு, ஞாயிறு காலையில் கோயிலுக்குப் போய், வெறும் வயிற்றோடு நேராக இங்கே வருபவர்கள் இருப்பார்கள். காலைப் பூசை முடிந்து சர்ச்சிலிருந்து நேராக வருபவர்களும் அப்படித்தான். சாப்பிடவில்லை என்றால் பக்கத்துக் கடையில் இட்லி சொல்லி வைத்திருக்கிறோம். உட்கார வைத்து, சாப்பிட வைத்து, இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுத்து, அப்புறம்தான் பதிவு.

ஸ்லைடு 5: பதிவு மேசை

- வயது 18 முதல் 65. முதல் முறை கொடுப்பவர் என்றால் 60 வரை
- எடை குறைந்தது 45 கிலோ
- ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையக் கூடாது
- போன முறை கொடுத்து ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் ஆகியிருக்க வேண்டும்
- டாட்டூ குத்தி 12 மாதம் ஆகியிருக்க வேண்டும்
- மலேரியா, டெங்கு, மஞ்சள் காமாலை, மாத்திரை, ஆபரேஷன், பிரசவம்: மருத்துவரிடம் அனுப்புங்கள்

*பேசும்போது:* இந்தப் பட்டியல் உங்களுக்குத் தெரிந்திருப்பதற்காக. "நீங்க கொடுக்கலாம்", "கொடுக்க முடியாது" என்ற இரண்டு வாக்கியமும் மருத்துவருடையவை. பக்கத்து வீட்டுக்காரரே ஆனாலும் நீங்கள் சொல்ல வேண்டாம்.

கேள்வித்தாளில் அந்தரங்கமான கேள்விகள் உண்டு. தெரிந்த முகங்கள் நிறைந்த பகுதி இது. மாமனாரும் மருமகனும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதை நிரப்பினால் உண்மை வெளியே வராது. ஆகவே தனித்தனி மேசை. எழுதத் தெரியாதவருக்கு நீங்கள் வாசித்துக் காட்டினால் மற்றவர் காதில் விழும். அவரை மருத்துவரின் மேசைக்கே அழைத்துப் போங்கள்.

"எனக்கு பாம்பே பிளட்" என்று யாராவது சொன்னால் அதை வேடிக்கையாக எடுக்காதீர்கள். 1952-இல் டாக்டர் பெண்டேயும் அவருடன் இருந்தவர்களும் இதே ஊரில் கண்டறிந்த அரிய வகை அது. சாதாரணச் சோதனையில் ஓ வகை போலவே தெரியும், ஆனால் அவருக்கு ஓ வகை ரத்தம்கூட ஏற்ற முடியாது. உடனே ரத்த வங்கிக் குழுவிடம் சொல்லுங்கள்.

ஸ்லைடு 6: திரும்பிப் போகிறவர்கள்

- காரணம் கேட்காதீர்கள், ஊகிக்காதீர்கள், அடுத்தவரிடம் சொல்லாதீர்கள்
- அவருக்கும் அதே நாற்காலி, அதே சிற்றுண்டி

*பேசும்போது:* சில முகாம்களில் ஹீமோகுளோபினை நீல நிறக் கரைசலில் பார்ப்பார்கள். காப்பர் சல்பேட். விரலிலிருந்து ஒரு சொட்டை அதில் விடுவார்கள். மூழ்கினால் சரி. மிதந்தால் போதாது. போன வருடம் நம் முகாமில் ஒரு தையல் தொழிலாளி அக்கா அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அது நடுவில் நின்று, மெல்ல மேலே ஏறியது. மூன்றாவது வருடமாக அவருக்கு அப்படி. சமையலை முடித்துவிட்டு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். நம் ஆட்களில் ஒருவர், "அடுத்தவர் வாங்க" என்று அவரைத் தாண்டிக் கூப்பிட்டுவிட்டார். அந்த அக்கா வாசல் படியில் தனியாக உட்கார்ந்திருந்ததை நான் தாமதமாகத்தான் பார்த்தேன்.

இந்த முறை வரிசையில் நிற்கும் மூவரில் ஒருவருக்கு இதுதான் முழு வேலை. திரும்பியவரை உட்கார வைத்து டீ கொடுங்கள். மருத்துவர் சொன்ன சோதனையை எங்கே எடுக்கலாம் என்று எழுதிக் கொடுங்கள். அவர் கொடுக்க வந்தார் என்பதுதான் நமக்குக் கணக்கு.

ஸ்லைடு 7: மயக்கம்

கவனிக்க வேண்டியவை: முகம் வெளுப்பது, நெற்றியில் வியர்வை, திரும்பத் திரும்பக் கொட்டாவி, குமட்டல், கேட்டதற்குப் பதில் தாமதமாவது.

செய்ய வேண்டியவை:

1. நின்றால் கீழே படுக்க வையுங்கள். நாற்காலியில் நிமிர்த்தி வைக்காதீர்கள்
2. காலைத் தூக்கிப் பிடியுங்கள்
3. "டாக்டர்" என்று சத்தமாகக் கூப்பிடுங்கள். விட்டு ஓடாதீர்கள்
4. சட்டை, பெல்ட்டைத் தளர்த்துங்கள், சுற்றி நிற்பவர்களை விலக்குங்கள்
5. முழு நினைவு வரும் வரை வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

*பேசும்போது:* பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். ஆபத்து மயக்கத்தைவிட விழுவதில்தான். ரத்தம் எடுக்கும்போது படுத்திருக்கிறார், அங்கே விழ இடமில்லை. எழுந்த பிறகு, கழிவறையில், படியில், பைக்கில் ஏறும்போது விழுகிறார்கள். அதனால்தான் ஓய்வு இடத்துக்கு 6 பேர்.

குறைந்தது 15 நிமிடம் உட்கார வேண்டும். "எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி, கடையைத் திறக்கணும்" என்பார்கள். பேச்சுக் கொடுத்து நிறுத்துங்கள். ஊர் எது என்று கேளுங்கள், திருநெல்வேலியா தூத்துக்குடியா என்று ஆரம்பித்தால் கால் மணி நேரம் போவதே தெரியாது. முதல் முறை கொடுப்பவர், இளைஞர், ஒல்லியானவர், பயந்து வந்தவர் ஆகியோரை வாசல் வரை கூடவே போய் அனுப்புங்கள். கழிவறைக்குப் போனால் வெளியே ஒருவர் நிற்க வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். அக்டோபர் வெயில் வேறு. மின்விசிறி ஓய்வு இடத்துக்குத்தான் முதலில்.

ஸ்லைடு 8: கிளம்புமுன் சொல்ல வேண்டியது

- இன்று தண்ணீர் நிறையக் குடியுங்கள், அடுத்த வேளை சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்
- அந்தக் கையால் இன்று கனமான எதையும் தூக்காதீர்கள்
- கட்டை நான்கு மணி நேரம் பிரிக்காதீர்கள். ரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள்
- இன்று மது வேண்டாம்
- லோக்கல் ரயிலில் வாசலில் நிற்காதீர்கள். தலை சுற்றினால் உடனே உட்காருங்கள்

*பேசும்போது:* கடைசி வரியை வாயால் சொல்லுங்கள், அச்சடித்த தாளை மட்டும் நீட்டாதீர்கள். சாரத்தில் ஏறுபவர், டிரைவர், குடத்தொழில் சூளையில் நிற்பவர் என்று தெரிந்தால் இன்று வேலைக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்லைடு 9: உங்கள் பாதுகாப்பு

- ஊசி, ரத்தக் குழாய், ரத்தம் பட்ட பஞ்சு எதையும் தொடாதீர்கள்
- மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலத் தொட்டிகள் மருத்துவக் கழிவுக்கு. வாழைப்பழத் தோலுக்கு நம் குப்பைக்கூடை தனி
- தரையில் ரத்தம் சிந்தினால் நாற்காலியை வைத்து மறித்துவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்

*பேசும்போது:* ஊசி குத்திவிட்டால் பிதுக்காதீர்கள். ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, அதே நிமிடம் மருத்துவரிடம் சொல்லுங்கள். தடுப்பு மருந்து தேவை என்றால் அதை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் இல்லை இது.

ஆம்புலன்ஸ் 108. சயான் பக்கம் போகும் வழியில் ஒரு வண்டிகூட நிற்கக் கூடாது. தள்ளுவண்டிக்காரர்களிடம் சனிக்கிழமையே பேசிவிட்டோம்.

ஸ்லைடு 10: திங்கட்கிழமை

*பேசும்போது:* முகாம் முடிந்த மறுநாள் 6 பேர் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். அழைக்க ஒப்புக்கொண்டவர்களின் எண்கள் மட்டும் அந்தப் பட்டியலில் இருக்கும். வேலை முடிந்ததும் பட்டியலைக் கிழித்துவிடுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிஃபிலிஸ், மலேரியா சோதனை முடிவுகளை ரத்த வங்கிதான் உரியவரிடம் சொல்லும். நம்மிடம் கேட்டால் அவர்களின் எண்ணைக் கொடுங்கள், வேறு பேச்சு வேண்டாம்.

நீங்கள் கேட்க வேண்டியது இரண்டுதான். கை எப்படி இருக்கிறது? ராத்திரி தலை சுற்றியதா? ஊசி போட்ட இடம் லேசாக நீலம் பாரித்திருந்தால் முதல் நாள் ஐஸ் ஒத்தடம் போதும். வீக்கம் கூடினால், விரல் மரத்துப்போனால், காய்ச்சல் வந்தால் அங்கேயே பேச்சை நிறுத்தி, ரத்த வங்கி மருத்துவரிடம் பேச வையுங்கள். தொலைபேசியை எடுக்காதவரைச் சாயங்காலம் இன்னொரு முறை கூப்பிடுங்கள். அப்போதும் எடுக்கவில்லை என்றால், பக்கத்துச் சந்துதானே, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.