சுற்றறிக்கை: டிசம்பர் 1 முதல் அலுவலகக் கணக்குகளுக்குப் பலபடிச் சரிபார்ப்பு கட்டாயம்

சுற்றறிக்கை எண்: த.தொ. 11/2025
நாள்: 03.11.2025
இடம்: தலைமை அலுவலகம், திருப்பூர்
அனுப்புநர்: தகவல் தொழில்நுட்ப நிர்வாகி
பெறுநர்: தலைமை அலுவலகம், இரு தையற்கூடங்கள், பாக்கிங் பிரிவு ஆகியவற்றில் அலுவலக மின்னஞ்சல் வைத்திருக்கும் அனைத்துப் பணியாளர்கள்

நம் நிறுவனத்தின் மைக்ரோசாஃப்ட் 365 கணக்குகளில் கடவுச்சொல்லை மட்டும் கொண்டு உள்நுழையும் முறை 30.11.2025 அன்று இரவோடு நிறுத்தப்படும். 01.12.2025 திங்கள்கிழமை முதல், கடவுச்சொல்லை இட்ட பின் கைப்பேசியிலும் உறுதி செய்தால்தான் மின்னஞ்சல், டீம்ஸ், ஒன்டிரைவ் ஆகியவை திறக்கும். மேலாளர்கள் உட்பட எவருக்கும் இதில் விலக்கு இல்லை.

இந்த முடிவுக்கு உடனடிக் காரணமாக அமைந்த நிகழ்வைப் பலரும் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பதால், நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். கடந்த ஆகஸ்டில், ஐரோப்பிய பையர் ஒருவரின் அலுவலகத்திலிருந்து நம் மெர்ச்சண்டைசிங் பிரிவுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. "உங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது, உண்மைதானா?" என்று கேட்டார்கள். அப்படி எதையும் நாம் அனுப்பவில்லை. ஆனால் அந்த மின்னஞ்சல், நம் கணக்குப் பிரிவின் உண்மையான முகவரியிலிருந்தே போயிருந்தது. ஆராய்ந்தபோது, அந்த அஞ்சல் பெட்டியில் ஒற்றைப் புள்ளியை மட்டும் பெயராகக் கொண்ட ஒரு விதி இருந்ததைக் கண்டோம். "invoice", "payment" என்ற சொற்கள் உள்ள எல்லா அஞ்சல்களையும் படித்ததாகக் குறியிட்டு, யாரும் திறந்து பார்க்காத `RSS Feeds` கோப்புறைக்குள் அது தள்ளிக்கொண்டிருந்தது. பையர் எழுதிய பதில்கள் நம் கண்ணில் படாமல் போனது இதனால்தான்.

சில வாரங்களுக்கு முன் "அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது" என்று வந்த போலி அறிவிப்பை நம்பி, நம் பணியாளர் ஒருவர் கடவுச்சொல்லை இட்டதே இதன் தொடக்கம். அவரைக் குறைசொல்வதற்கில்லை, அந்தப் பக்கம் அசலைப் போலவே இருந்தது. அந்த பையர் தொலைபேசியில் கேட்டதால் மட்டுமே பணம் தப்பியது. இவ்வகை மின்னஞ்சல் மோசடியால் 2023ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 290 கோடி டாலர் இழப்பு ஏற்பட்டதாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்குப் புகார்கள் வந்துள்ளன. பெரிய தொகைகளுக்கான இன்வாய்ஸ்கள் நாள்தோறும் மின்னஞ்சலிலேயே போய் வரும் நம் ஊர்த் தொழில், இத்தகைய மோசடிக்காரர்களுக்கு நல்ல வேட்டைக்களம்.

கடவுச்சொல் களவு போனாலும், அதைக் கொண்டு மட்டும் உள்ளே நுழைய முடியாமல் செய்வதே பலபடிச் சரிபார்ப்பின் நோக்கம். இணையத்தில் கார்டு வழியே பணம் செலுத்தும்போது ஓடிபி கேட்கப்படுவதற்கு நாம் பழகி வெகு நாளாகிறது. பணத்துக்கு உள்ள அதே காவலை இப்போது அஞ்சல் பெட்டிக்கும் போடுகிறோம்.

பதிவு செய்யும் காலம் பிரிவுவாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கணக்குப் பிரிவினர் நவம்பர் 10 முதலும், மெர்ச்சண்டைசிங், ஷிப்பிங் பிரிவினர் 17 முதலும், மற்றவர்கள் 24 முதலும் பதிய வேண்டும். பத்து நிமிட வேலைதான். கணினியும் கைப்பேசியும் பக்கத்தில் இருக்கட்டும்.

1. கைப்பேசியின் பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரில் `Microsoft Authenticator` செயலியை நிறுவவும். ஏறக்குறைய இதே பெயரில் சந்தா கேட்கும் வேறு செயலிகளும் அங்கே உள்ளன. வெளியிட்டவர் பெயர் `Microsoft Corporation` என்று இருப்பதைப் பார்த்த பின்பே நிறுவவும். அசல் செயலிக்குக் கட்டணம் கிடையாது.

2. கணினியின் உலாவியில் கீழுள்ள முகவரியைத் தட்டச்சு செய்து, அலுவலக மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் இட்டு உள்நுழையவும்.

```
https://aka.ms/mfasetup
```

3. பதிவுப் பக்கம் தானாகத் தொடங்காவிட்டால் `Add sign-in method` என்பதைத் தட்டி, `Microsoft Authenticator` என்பதைத் தேர்ந்து, கியூஆர் குறியீடு தோன்றும் வரை `Next` அழுத்தவும்.

4. கைப்பேசிச் செயலியில் கூட்டல் குறியைத் தட்டி, `Work or school account`, அதன்பின் `Scan QR code` எனச் சென்று, கணினித் திரையில் உள்ள குறியீட்டை ஸ்கேன் செய்யவும். கேமராவுக்கும் அறிவிப்புகளுக்கும் அனுமதி கேட்கும்போது இரண்டையும் வழங்கவும். அறிவிப்புக்கு மறுத்துவிட்டு, பிறகு "எதுவுமே வரவில்லை" என்று எங்களை அழைப்பவர்களே சோதனைக் குழுவில் அதிகம் இருந்தனர்.

5. கணினியில் இரண்டு இலக்க எண் ஒன்று தோன்றும். அதைக் கைப்பேசியில் இட்டால் பதிவு முடிந்தது.

6. அதே பக்கத்தில் உங்கள் கைப்பேசி எண்ணையும் மாற்று வழியாகச் சேர்த்துவிடவும். உங்கள் எண்ணுக்கான சிம் கார்டை வேறொருவர் ஏமாற்றி வாங்கிவிட முடியும் என்பதால் குறுஞ்செய்தி முறை அவ்வளவு உறுதியானதல்ல. செயலி இயங்காதபோது மட்டும் அது உதவட்டும்.

அலுவலகக் கணினிகளில் 14 நாள்களுக்கு ஒருமுறை மட்டும் சரிபார்ப்பு கேட்கப்படும். கைப்பேசியில் இணையம் கிடைக்காத இடத்தில், செயலியில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணைப் பயன்படுத்தலாம். அதற்குக் கைப்பேசியின் நேரம் தானியங்கி அமைப்பில் இருக்க வேண்டும்.

சொந்தக் கைப்பேசியில் அலுவலகச் செயலியை ஏன் வைக்க வேண்டும் என்று சிலர் கேட்டனர். நியாயமான கேள்விதான். இந்தச் செயலியின் வழியாக உங்கள் புகைப்படங்களையோ, வாட்ஸ்அப் செய்திகளையோ, அழைப்பு விவரங்களையோ நிறுவனத்தால் பார்க்க இயலாது. அப்படியும் விருப்பமில்லாதவர்களுக்கும், பட்டன் கைப்பேசி வைத்திருப்போருக்கும் எண் காட்டும் சிறு கருவி வழங்கப்படும். நவம்பர் 14க்குள் பிரிவு மேலாளர் வழியாகத் தெரிவிக்கவும்.

பொது அஞ்சல் பெட்டிகளின் கடவுச்சொல்லை மூன்று நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் வழக்கமும் இத்துடன் முடிகிறது. யார் எதை அனுப்பினார் என்று ஆகஸ்டில் எங்களால் உறுதியாகச் சொல்ல முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். இனி அவரவர் சொந்தக் கணக்கில் நுழைந்தே அந்தப் பெட்டிகளைத் திறக்கலாம்; அந்த உரிமையை நாங்கள் இணைத்துத் தருவோம்.

நீங்கள் உள்நுழையாத வேளையில் கைப்பேசியில் ஒப்புதல் கோரிக்கை வந்தால், உங்கள் கடவுச்சொல் வேறொருவர் கையில் உள்ளது என்று பொருள். உடனே மறுத்துவிட்டு எங்களுக்குச் சொல்லவும். 2022இல் உபர் நிறுவனத்துக்குள் நுழைந்தவர், இப்படி ஓயாமல் கோரிக்கைகளை அனுப்பிவிட்டு, தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லியே ஒப்புதல் பெற்றார். எங்கள் பிரிவைச் சேர்ந்த எவரும் உங்களிடம் செயலி காட்டும் எண்ணைக் கேட்கமாட்டோம். நான் கேட்டாலும் தர வேண்டாம். போலிப் பக்கத்தில் நீங்களே எண்ணையும் இட்டு ஒப்புதலும் கொடுத்துவிட்டால் இந்தக் காவலும் பயன்படாது. ஆகவே கடவுச்சொல் இடும் முன் முகவரிப் பட்டையில் `login.microsoftonline.com` என்று இருக்கிறதா எனப் பார்க்கவும்.

கைப்பேசி தொலைந்தால் இரவு பகல் பாராமல் தெரிவிக்கவும். புதிய கைப்பேசி வாங்குவோர், அதில் பதிவு செய்து முடிக்கும் வரை பழையதை விற்கவோ அழிக்கவோ வேண்டாம்.

நவம்பர் 10 முதல் 28 வரை, வேலை நாள்களில் மாலை 3 முதல் 5 மணி வரை முதல் மாடிக் கூட்ட அறையில் எங்கள் பிரிவினர் இருவர் உதவிக்கு இருப்பார்கள். தையற்கூடங்களுக்கு 25, 26 தேதிகளில் நாங்களே வருகிறோம். மற்ற நேரங்களில் உள் தொலைபேசி எண் 214இல் அழைக்கலாம். பிரிவு மேலாளர்கள், பதிவு செய்து முடித்தவர்களின் பட்டியலை 28.11.2025 மாலைக்குள் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தகவல் தொழில்நுட்ப நிர்வாகி

நகல்: நிர்வாக இயக்குநர் அலுவலகம், மனிதவளப் பிரிவு, அனைத்துத் தளங்களின் அறிவிப்புப் பலகைகள்