நிறுவனர் அறிமுகம்: ச. மேகலா, ‘கரைப்பெட்டி’, ராயபுரம்

ஊடகங்களின் பயன்பாட்டுக்கான வாசகம் இது. முன் அனுமதி பெறாமல், ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே எடுத்து வெளியிடலாம். செய்தியின் இறுதியில் ஒரு பத்திக்கு மட்டுமே இடம் இருந்தால் சுருக்கத்தையும், நேர்காணலுக்கு முன்னுரையாகவோ தனிக்கட்டச் செய்தியாகவோ இடுவதானால் விரிவையும் எடுத்துக்கொள்ளவும்.

சுருக்கம்

ச. மேகலா, வடசென்னை ராயபுரத்தில் இயங்கும் ‘கரைப்பெட்டி’ நிறுவனத்தின் நிறுவனர். தெருவிலும் சந்தையிலும் மீன் விற்கும் பெண்கள் தாமே தூக்கிச் செல்லக்கூடிய, மின்சாரம் தேவைப்படாத ஃபைபர் ஐஸ்பெட்டிகளை இந்நிறுவனம் 2018ஆம் ஆண்டு முதல் தயாரித்து வருகிறது. காசிமேட்டில் மீன் எடுத்து விற்ற தம் தாயாரின் அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு, படகுப் பட்டறை மேஸ்திரி கோ. ஏகாம்பரத்துடன் சேர்ந்து மேகலா இப்பெட்டியை வடிவமைத்தார்.

விரிவு

ச. மேகலா 1991ஆம் ஆண்டு பிறந்தவர். பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவர். அவருடைய தாயார், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் தெருத்தெருவாக விற்று வந்தார். அன்னக்கூடையில் ஐஸைப் பரப்பி மீனைச் சுமந்த காலத்தில், நண்பகலுக்குள் விற்காத சங்கராவையும் கானாங்கத்தையையும் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருந்தது. பின்னர் தெர்மாகோல் பெட்டிக்கு மாறியபோது மீன் கூடுதல் நேரம் தாங்கியது. ஆனால் மூலை உடைந்து தண்ணீர் ஒழுகும் பெட்டியைப் பேருந்தில் ஏற்ற நடத்துநர்கள் மறுத்தனர். உடைந்த பெட்டிக்கு மாற்றாக இன்னொன்றை வாங்குவது ஐஸ் செலவைப் போலவே வாடிக்கையான செலவாகிவிட்டது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியதற்குப் பிறகு, தமிழகக் கடற்கரையெங்கும் கட்டுமரங்களின் இடத்தில் ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றைச் செப்பனிடும் பட்டறைகளும் உடன் பெருகின. அத்தகைய பட்டறை ஒன்றை நடத்திவந்த ஏகாம்பரம், மேகலாவின் குடும்பத்துக்குப் பழக்கமானவர். கிண்டியிலுள்ள சிபெட் நிறுவனத்தில் பிளாஸ்டிக் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பை முடித்து, அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றிய மேகலா, விடுமுறை நாள்களில் அவருடைய பட்டறையில் அச்சுக்கு மெழுகு பூசவும், ஜெல்கோட் அடிக்கவும், கண்ணாடியிழை விரிப்பின் மீது ரெசினைக் காற்றுக் குமிழி நிற்காமல் உருட்டவும் கற்றுக்கொண்டார். படகின் பக்கச்சுவருக்குப் பயன்படும் அதே ஃபைபரை ஐஸ்பெட்டிக்குப் பயன்படுத்த முடியுமா என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது. கேட்டவர் மேகலா, முதல் அச்சை மரத்தில் செதுக்கித் தந்தவர் ஏகாம்பரம்.

கரைப்பெட்டி இரண்டு ஃபைபர் சுவர்களுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரையை நிரப்பிச் செய்யப்படுவது. அந்நுரை தெர்மாகோலைவிடக் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும் என்பதால் சுவரின் தடிமனைக் குறைத்து உள்ளே இடத்தைக் கூட்ட முடிகிறது. ஐஸ் உருகும்போதுதான் மீனிலிருந்து மிகுதியான வெப்பத்தை இழுக்கிறது. ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு ஏறத்தாழ 80 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஆகவே ஐஸ் உருகாமலே இருக்க வேண்டும் என்பது இப்பெட்டியின் நோக்கம் அன்று. வெளி வெயிலுக்காக உருகி வீணாகாமல், மீனைக் குளிர்விப்பதற்காக மட்டும் அது உருக வேண்டும் என்பதே நோக்கம். உருகிய நீரில் இரத்தமும் கோழையும் கலந்திருப்பதால், மீன் அதிலேயே ஊறிக் கிடந்தால் விரைவில் கெடும். கானாங்கத்தை, சூரை போன்ற மீன்களைக் குளிர்ச்சியின்றி வைத்திருந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும்; உருவான பின் சமைத்தாலும் அது அழிவதில்லை. இதனால் பெட்டியின் அடித்தளம் ஒரு பக்கமாகச் சரிவாக அமைக்கப்பட்டு, தாழ்ந்த மூலையில் மரை மூடியுடன் கூடிய வடிகுழாய் பொருத்தப்பட்டுள்ளது. பேருந்தில் போகும்போது மூடியை இறுக்கிவிட்டு, இறங்கிய பிறகு சாக்கடையருகே திறந்துவிடலாம். மூடியை வெளியே தொங்கவிடாமல் சுவருக்குள் பதித்து வைக்க வேண்டும் என்று சொன்னவர் மேகலாவின் தாயார். ஷேர் ஆட்டோவின் பின்புறத்தில் அடங்குமாறு பெட்டியின் அகலத்தை நிர்ணயித்தவரும் அவரே.

நிறுவனம் 2018ஆம் ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில் தொடங்கப்பட்டது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை; அந்நாள்களில் மீன் வரத்து குறைந்து பெட்டி விற்பனை படுத்துவிடும், ஆனால் கரையேற்றப்பட்ட படகுகளால் செப்பனிடும் பட்டறைகளுக்கு ஓய்வே இருக்காது. இதற்கேற்பக் கரைப்பெட்டியின் தொழிலாளர்கள் தடைக்காலத்தில் படகு வேலையும், மற்ற மாதங்களில் பெட்டி வேலையும் செய்கின்றனர். ஆண்டு முழுவதும் அவர்களுக்கு ஊதியம் தடையின்றிக் கிடைப்பது இந்த ஏற்பாட்டினால்தான்.

20 கிலோ, 40 கிலோ என இரண்டு அளவுகளில் பெட்டிகள் தயாராகின்றன. வாங்குவோர் வாரத் தவணையில் பணம் செலுத்தலாம். உடைந்த பெட்டியை எறிய வேண்டியதில்லை. படகைப் போலவே அதையும் ஒட்டுப்போட்டுச் செப்பனிடலாம். வங்கிக் கடனிலும் குடும்பச் சேமிப்பிலும் தொடங்கிய இந்நிறுவனத்தில் வெளி முதலீட்டாளர்கள் இல்லை. மேகலாவும் ஏகாம்பரமும் இதன் பங்குதாரர்கள்.

ஆசிரியர் குழுவுக்கு (வெளியிடுவதற்கு அன்று)

பெயரை ‘ச. மேகலா’ என்று எழுதவும். இரண்டாம் முறை ‘மேகலா’ போதும். வயதைத் தராமல் பிறந்த ஆண்டைத் தந்திருப்பதும், ‘தற்போது’, ‘சமீபத்தில்’ போன்ற சொற்களைத் தவிர்த்திருப்பதும் இப்பத்திகள் எந்த ஆண்டில் வெளியானாலும் பிழையாகாமல் இருப்பதற்காக. தயாரிப்பைக் ‘குளிர்சாதனப் பெட்டி’ என்று குறிப்பிட வேண்டாம். அதில் மின்சாரமோ இயந்திரமோ இல்லை, காசிமேட்டில் வழங்கும் ‘ஐஸ்பெட்டி’ என்ற சொல்லே சரியானது. மேகலா கடலுக்குச் சென்று மீன் பிடித்தவர் அல்லர் என்பதால் ‘மீனவப் பெண்’ என்ற அடைமொழியும் பொருந்தாது. வடசென்னையைப் பற்றி எழுதும்போது கைக்கு வந்து ஒட்டிக்கொள்ளும் ‘சேற்றில் மலர்ந்த செந்தாமரை’ வகைத் தலைப்புகளையும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அவர் வளர்ந்த தெருவில் இருப்பவர்களும் செய்தித்தாள் படிக்கிறார்கள்.

இடம் போதாமல் வெட்ட நேர்ந்தால் முதலில் கல்வித் தகுதியையும், அடுத்துப் பெட்டியின் அளவுகளையும் வெட்டலாம். ஏகாம்பரத்தின் பெயரையும் தாயாரைப் பற்றிய வாக்கியங்களையும் வெட்ட வேண்டாம். அவை நன்றியறிதலுக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. அவற்றை நீக்கினால் பெட்டியை வடிவமைத்தவர் யார் என்ற தகவலே தவறாகிவிடும். நிறுவனரின் மேற்கோள் எதையும் இதில் சேர்க்கவில்லை. எல்லாச் செய்திகளிலும் ஒரே மேற்கோள் திரும்பத் திரும்ப வருவதைவிட, தேவைப்படும் செய்தியாளர் அவரிடமே நேரில் கேட்டுப் பெறுவது நல்லது. ஏலம் முடிந்து பட்டறை திறக்கும் காலை ஒன்பது மணிக்குப் பிறகு அவரைச் சந்திக்கலாம்.