நாயைப் போலச் சாப்பிடுகிறவர்கள்: ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில் பசியும் பந்தியும்

சார்லஸ் டிக்கன்ஸ் 1860–61இல் தொடராக எழுதிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில் ஒரே உவமை மூன்று முறை வருகிறது: சாப்பிடுகிற மனிதன் நாயைப் போல இருக்கிறான். பிப் என்ற பையன் கனவானாக உயர்ந்த கதையை இந்த மூன்று இடங்களை வைத்தே சொல்லிவிடலாம் என்பது என் வாதம்.

முதல் முறை சதுப்பு நிலத்தில். தப்பி வந்த கைதி மாக்விட்சுக்காகத் தன் அக்கா வீட்டிலிருந்து இறைச்சிப் பணியாரமும் பிராந்தியும் திருடிக்கொண்டு போகிறான் பிப். யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டே கைதி விழுங்குவது, தங்கள் வீட்டு நாய் தின்பதைப் போல இருக்கிறது என்று பிப் நினைக்கிறான். ஆனால் அதில் ஏளனம் இல்லை. நீங்கள் ரசித்துச் சாப்பிடுவதில் எனக்குச் சந்தோஷம் என்று சொல்லவும் செய்கிறான். பயந்து நடுங்கும் குழந்தையின் வாயில் இப்படியொரு உபசார வார்த்தை!

இரண்டாம் முறை பிப்பே நாயாகிறான். கல்யாண நாளில் மணமகனால் கைவிடப்பட்ட பணக்காரி மிஸ் ஹாவிஷம் வீட்டு முற்றத்தில், அவளுடைய வளர்ப்பு மகள் எஸ்டெல்லா பீர்க் குவளையைக் கல்தரையில் வைக்கிறாள்; ரொட்டியையும் இறைச்சியையும் அவன் முகத்தைப் பாராமலே நீட்டுகிறாள், தண்டனைக்குள்ளான நாய்க்குக் கொடுப்பதுபோல. பிப் சுவரை உதைத்து அழுகிறான். அப்புறம் சாப்பிடுகிறான். சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் கொடுமை. அவமானம் பசியை அடக்குவதில்லை என்பதை டிக்கன்ஸ் அலட்டாமல் சொல்லிவிட்டுப் போகிறார்.

மூன்றாம் முறை லண்டனில். பிப் இப்போது கனவான். ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய மாக்விட்ச், அவன் மேஜையில் உட்கார்ந்து சத்தத்தோடு மென்று தின்கிறான். பசித்த கிழட்டு நாய் என்று தோன்றுகிறது பிப்புக்கு. அருவருப்பில் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாப்பிடுகிற ஆள் அதே ஆள்தான், பார்க்கிற கண் வேறு. எஸ்டெல்லாவின் கண்ணைப் பிப் இரவல் வாங்கிவிட்டான். அந்த மேஜையும் மேஜை மேலிருப்பதும், தன்னைக் கனவானாக்க மாக்விட்ச் ரகசியமாக அனுப்பிவந்த பணம் என்பது அவனுக்குத் தெரிந்த பிறகு வரும் அருவருப்பு இது.

டிக்கன்ஸ் நாவல்கள் எல்லாவற்றிலும்தான் சாப்பாடு வருகிறது, இதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் இந்த நாவலில் பெரிய விருந்துகள் எல்லாமே கெட்டுப்போகின்றன. கிறிஸ்துமஸ் விருந்தில் பிப்புக்குக் கிடைப்பது கோழிக்காலின் செதில் நுனிகள். பன்றிக்குட்டியாகப் பிறந்திருந்தால் கசாப்புக்காரர் உன்னை என்ன செய்திருப்பார் தெரியுமா என்று உறவினர் பம்பிள்சூக் உபதேசம் செய்கிறார். குழந்தையையே தட்டில் வைத்துப் பரிமாறும் பேச்சு அது. அக்காவின் கணவர் ஜோவால் எதிர்த்துப் பேச முடியவில்லை. ஒவ்வொரு வசைக்கும் பிப்பின் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுகிறார். ஊமை அன்புக்கு இதைவிட நல்ல சித்திரம் நாவலில் இல்லை. (பம்பிள்சூக்குக்குப் பின்னால் கூலி கிடைக்கிறது: வீடு புகுந்த கொள்ளையர்கள் அவர் வாயில் பூச்செடிகளைத் திணித்துவிட்டுப் போகிறார்கள்.)

மிஸ் ஹாவிஷமின் கல்யாண கேக்கைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். சிலந்தி குடியேறிய அந்த மேஜையில் நான் கவனிப்பது உட்காரும் வரிசையை. நான் செத்ததும் என்னை இங்கே கிடத்துவார்கள், நீ அங்கே, நீ இங்கே என்று, தன்னைத் தின்னப்போகும் உறவினர்களுக்கு அவளே இடம் ஒதுக்குகிறாள். தன் ஆசையை உண்ணாத கேக்காக வைத்திருப்பவள், சொத்தைத் தன் பிணமாக நினைக்கிறாள். யார் கண்ணெதிரிலும் அவள் சாப்பிடுவதில்லை. இரவில் தனியாக அலைந்து, கைக்குக் கிடைத்ததைத் தின்கிறாள்.

மாக்விட்சும் தனியாகச் சாப்பிட்டவன்தான். ஆனால் ஆஸ்திரேலியக் குடிசையில் ஆடு மேய்த்த காலத்தில், சாப்பாட்டின் நடுவே கத்தியைக் கீழே போட்டுவிட்டு, இதோ அந்தப் பையன் நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பானாம். தன்னைக் கேவலமாகப் பார்க்காத ஒரு பார்வையை அவ்வளவு காலம் துணைக்கு வைத்திருந்தான். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு சொத்தையே திருப்பித் தந்ததற்கு நன்றி மட்டும் காரணம் இல்லை, இந்தப் பார்வையும்தான். லண்டன் மேஜையில் அதைத் தேடித்தான் அவன் வந்திருக்கிறான். தான் பெருந்தீனிக்காரன், இல்லாவிட்டால் இவ்வளவு வம்பில் மாட்டியிருக்க மாட்டேன் என்று மன்னிப்பும் கேட்கிறான். சிறுவயதில் பசிக்கு டர்னிப் திருடியவன் சொல்லும் அந்த வார்த்தையைச் சிரிப்புக்காக எழுதியது என்று தாண்டிப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அது சட்டத்தின் மேல் வைத்த நேரடிக் குற்றச்சாட்டாகத்தான் படுகிறது.