பொருள்: 14-11-2024 நாளிட்ட 112ஆம் எண் பில்லில் நிலுவையாக உள்ள ரூ. 1,78,300 தொடர்பாக

காட்பாடி, வேலூர் மாவட்டம்
05-05-2025

பெறுநர்:
நிர்வாகப் பங்குதாரர் அவர்கள்,
தோல் பதனிடும் தொழிலகம், பேரணாம்பட்டு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் டேனரியின் இரண்டு மர டிரம்களுக்குப் பெரிய பல்சக்கரம், பினியன், பேரிங்குகள் ஆகியவற்றை மாற்றிப் பொருத்திக் கொடுத்த வேலைக்கான மேற்படி பில் ரூ. 1,85,000-மும், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ. 33,300-மும் சேர்ந்து ரூ. 2,18,300 ஆகும். வேலை உத்தரவுடன் 22-10-2024 அன்று தாங்கள் அனுப்பிய முன்பணம் ரூ. 40,000 போக மீதி ரூ. 1,78,300 இன்றுவரை வந்து சேரவில்லை. பில் நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பணம் தருவதாகத் தங்கள் வேலை உத்தரவிலேயே எழுதியிருக்கிறது. அந்தக் கெடு 14-12-2024 அன்று முடிந்து, இன்றோடு 142 நாட்கள் ஆகின்றன.

இரண்டாம் டிரம்மில் ஒரு பேரிங் சத்தம் போடுவதாகத் தங்கள் மேஸ்திரி சொன்னதும், 02-12-2024 அன்று எங்கள் ஆட்கள் குடியாத்தம் வழியாக வந்து அதைக் கட்டணமின்றி மாற்றிக் கொடுத்தார்கள். வேலை திருப்தி என்று அவர் கையெழுத்திட்ட தாளின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். அதன் பிறகு வேலையைப் பற்றியோ தொகையைப் பற்றியோ தங்கள் தரப்பிலிருந்து எந்த ஆட்சேபமும் வரவில்லை. அப்படி ஏதேனும் இருந்தால், இந்தக் கடிதம் கிடைத்த மூன்று நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

டிசம்பரில் தொலைபேசியிலும், 21-01-2025 அன்று மின்னஞ்சலிலும், 24-02-2025 அன்று நேரிலும் நினைவூட்டினோம். ஏற்றுமதிப் பணம் வந்ததும் கொடுத்துவிடுவதாகத் தங்கள் கணக்கர் ஒவ்வொரு முறையும் சொன்னார். ரமலான் மாதத்தில் நெருக்கடி கொடுக்கக் கூடாது என்று மார்ச் முழுவதும் நாங்கள் பேசாமல் இருந்தோம். ஏப்ரல் 21 அன்று கேட்டபோது, பக்ரீத் கழிந்து பார்க்கலாம் என்ற பதில் வந்தது. ஜூன் மாதம் வரை காத்திருக்க எங்களால் இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். பல்சக்கரங்களுக்கான வார்ப்பைக் கோவையில் ரொக்கம் கொடுத்துத்தான் எடுத்து வந்தோம். இந்தப் பில்லுக்கான ஜி.எஸ்.டி.யையும் டிசம்பரிலேயே கட்டிவிட்டோம். ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இது சிறிய தொகை அல்ல.

தாமதத்தால் தங்களுக்கும் இழப்பு உண்டு என்பதால் ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். பில் நாளிலிருந்து 180 நாட்களுக்குள் பணம் தராவிட்டால், தாங்கள் எடுத்துள்ள உள்ளீட்டு வரி வரவில் நிலுவைக்கு உரிய பங்கை, இந்தப் பில்லைப் பொறுத்தவரை சுமார் ரூ. 27,198-ஐ, வட்டியுடன் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். அந்த 180ஆம் நாள் வரும் 13-05-2025. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, அதைக் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்ற வருமான வரி விதியைத் தங்கள் ஆடிட்டரும் அறிவார்.

ஆகவே முழுத் தொகையையும் 12-05-2025 திங்கட்கிழமைக்குள் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். ஒரே தவணையில் முடியாதென்றால், அன்றைக்குள் ரூ. 1,00,000-மும், மீதி ரூ. 78,300-க்கு 26-05-2025 தேதியிட்ட காசோலையும் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறோம். இந்த இரண்டில் ஒன்று நடந்தால் வட்டி எதுவும் கேட்க மாட்டோம். எங்கள் வங்கிக் கணக்கு மாறவில்லை. பில்லின் அடியில் அச்சிட்டுள்ள அதே கணக்குக்கே அனுப்பலாம். வேறு கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு எங்கள் பெயரில் யாராவது செய்தி அனுப்பினால், என்னை அழைத்துக் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

அந்த நாளுக்குள் பணமோ எழுத்துப்பூர்வமான பதிலோ வராவிட்டால், உத்யம் பதிவு பெற்ற குறு நிறுவனம் என்ற முறையில், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி சமாதான் தளத்தில் மனு கொடுப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இல்லை. அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டு வட்டி தர வேண்டும் என்கிறது. மனுவில் அதையும் சேர்த்தே கேட்போம். மூன்றாம் டிரம் வேலைக்காகத் தங்கள் மேஸ்திரி சென்ற வாரம் அழைத்திருந்தார். இந்தக் கணக்கு முடிந்த மறுநாளே ஆட்களை அனுப்புகிறேன். அதுவரை அனுப்ப இயலாது.

தங்கள் தந்தையார் ஹாஜியார் அவர்கள் காலத்திலிருந்து தங்கள் டேனரிக்கு வேலை செய்து வருகிறோம், அவர் காலத்தில் ஒரு பில்லுக்கும் இரண்டாம் முறை கேட்டதில்லை. அந்த உறவை மனத்தில் வைத்துத்தான் மனுவுக்கு முன் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். தாங்கள் பேச விரும்பினால் காலை 9 மணிக்கு மேல் பட்டறையிலேயே இருப்பேன். அழைத்தால் பேரணாம்பட்டுக்கு நேரில் வரவும் தயார்.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள,
உரிமையாளர்,
டேனரி இயந்திரப் பழுதுபார்ப்புப் பட்டறை, காட்பாடி.

இணைப்பு: பில் நகல், வேலை உத்தரவு நகல், 02-12-2024 நாளிட்ட கையொப்பத் தாள்.